ஹட்டனில் 230,000, நுவரெலியாவில் 250,000: எது இலாபம்?

ஹட்டன் தோட்ட அலுவலகத்தில் மாதம் 230,000 ரூபாய் வாங்குபவருக்கு நுவரெலியா ஹோட்டலொன்று 250,000 தருகிறது. "18 சதவீத வரிப் படிக்குள் விழுந்துவிடுவாய், கையில் குறையும்" என்கிறார்கள் நண்பர்கள். ஆண்டுச் சம்பளமான 30 இலட்சம் முழுவதற்கும் 18 சதவீதம் என்று எண்ணினால்தான் அந்தப் பயம் வரும்.

2025/26 வரி ஆண்டில் முதல் 18 இலட்சத்துக்கு வரி கிடையாது. அடுத்த 10 இலட்சத்துக்கு 6 சதவீதம், அதற்கடுத்த 5 இலட்சத்துக்கு 18. மேலே 24, 30, 36 என்று ஏறும்; அவை இங்கே தேவையில்லை.

ஹட்டனில் ஆண்டுச் சம்பளம் 2,760,000. விலக்குப் போக 960,000 மிஞ்சும்; அதில் 6 சதவீதம் 57,600.

நுவரெலியாவில் 3,000,000. மிஞ்சுவது 1,200,000. அதில் முதல் 10 இலட்சத்துக்கு 60,000. எஞ்சிய 2 இலட்சத்துக்கு மட்டும் 18 சதவீதம், அதாவது 36,000. மொத்தம் 96,000.

சம்பளம் 240,000 கூடுகிறது, வரி 38,400 கூடுகிறது. ஆக வரி போக 201,600 ரூபாய் கூடுதலாக நிற்கும். வரியைப் பார்த்து இந்த வேலையை விடுவது வீண். அறை வாடகையைப் பார்த்து யோசித்தால் அது நியாயம்.

வேறு கொடுப்பனவு இல்லாத மாதத்தில் நுவரெலியாச் சம்பளச் சீட்டில் வரி 8,000 ரூபாய் அளவில் இருக்கவேண்டும். 18,000 என்று இருந்தால், விலக்குப் போன தொகை முழுவதற்கும் 18 சதவீதம் போட்டிருக்கிறார்கள், கணக்காளரிடம் கேளுங்கள்.