ரூட்டர் முகவரியைத் தேடிப் போய்ப் பணம் இழந்தேன்: காலியாக இருக்கும் Default Gateway வரியைக் காட்டி ஏமாற்றுகிறார்கள்

வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லை மாற்றுவதற்காக ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறக்க முயன்றபோது, தொழில்நுட்ப உதவி என்ற பெயரில் ஒருவர் என்னை ஏமாற்றிப் பணம் பறித்தார். அவர் பயன்படுத்திய தந்திரம் முழுவதும், ரூட்டரின் முகவரியைக் காட்டும் Default Gateway என்ற வரி லேப்டாப் திரையின் ஓரிடத்தில் இயல்பாகவே காலியாக இருப்பதை நம்பி நின்றது. அந்த வரியைப் படிக்கத் தெரியாதவர் எவரும் இதே வலையில் விழக்கூடும் என்பதால் நடந்ததை விவரமாகவே எழுதுகிறேன்.

எங்கள் ரூட்டரின் அடியில் ஒட்டியிருந்த வில்லையில் எழுத்துகள் அழிந்துபோயிருந்தன. பலரும் சொல்லக் கேட்டிருந்த 192.168.1.1 என்ற எண்ணை பிரவுசரில் தட்டினேன், பக்கம் திறக்கவில்லை. எண் தவறோ என்று எண்ணி ‘ரூட்டர் லாகின்’ என்று தேடினேன். முதலில் வந்த விளம்பரத்தைத் தொட்டதும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் ஒரு பக்கம் திறந்தது. இரண்டையும் கொடுத்தேன். உடனே ‘பிழை’ என்ற சிவப்பு அறிவிப்பும் அதன் கீழே ஓர் உதவி எண்ணும் தோன்றின. அந்த எண்ணை அழைத்ததுதான் நான் செய்த பெரும் தவறு.

பேசியவர் மிகவும் பணிவாகப் பேசினார். தொலைவிலிருந்து திரையைப் பார்க்க உதவும் செயலி ஒன்றை நிறுவச் சொல்லி, கட்டளைச் சாளரத்தைத் திறந்து, `ipconfig` என்று அவரே தட்டினார். திரையில் வந்தவற்றின் ஒரு பகுதியை மட்டும் சுட்டிக்காட்டி, “பாருங்கள், உங்கள் கேட்வே காலியாக இருக்கிறது. வெளியாள் யாரோ அதைக் கைப்பற்றிவிட்டார், அதனால்தான் உங்களால் உள்ளே போக முடியவில்லை” என்றார். எதிரே காலியான வரியைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அதை நம்பாமல் இருக்கக் காரணம் எதுவும் தெரியவில்லை. கேட்வேயை மீட்பதற்கான கட்டணம் என்று அவர் கேட்ட தொகையை அட்டை மூலம் செலுத்தினேன். அதன் பிறகு அந்த எண்ணில் யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் உடன் பணிபுரியும் நண்பர் அதே கட்டளையை என் லேப்டாப்பில் ஓட்டிக் காட்டினார். தேவையான வரிகளை மட்டும் கீழே தருகிறேன்.

```
Ethernet adapter Ethernet 2:
   IPv4 Address. . . . . : 192.168.56.1
   Default Gateway . . . :

Wireless LAN adapter Wi-Fi:
   IPv4 Address. . . . . : 192.168.10.23
   Default Gateway . . . : fe80::1%12
                           192.168.10.1
```

மேலே உள்ள பகுதி, லேப்டாப்புக்குள் மற்றொரு இயங்குதளத்தை ஓட்டுவதற்காக நான் எப்போதோ நிறுவிய மென்பொருள் உருவாக்கிய மெய்நிகர் இணைப்பு. அது வெளியே எங்கும் செல்வதில்லை. ஆகவே அதற்குக் கேட்வே தேவையில்லை, அந்த வரி காலியாக இருப்பதே முறை. எனக்குக் காட்டப்பட்டது அந்தப் பகுதிதான். சற்றுக் கீழே, நான் உண்மையில் இணைந்திருந்த வைஃபையின் பகுதியில், கேட்வே எந்தக் குறையும் இன்றி இருந்தது. அங்கேயும் `fe80` என்று தொடங்குவது ஐபிவி6 முகவரி என்பதால், அதற்கு அடுத்த வரியில் புள்ளிகளுடன் இருக்கும் எண்ணையே எடுத்துக்கொள்ள வேண்டும். `http://192.168.10.1` என்று முகவரிப் பட்டையில் முழுமையாகத் தட்டியதும் எங்கள் ரூட்டரின் பக்கம் திறந்தது. நான் முதலில் தட்டிய எண் எங்கள் ரூட்டருக்கு உரியதே அல்ல. திறக்காததற்குக் காரணம் அவ்வளவுதான்.

எனவே விண்டோஸில் `ipconfig` ஓட்டும்போது, நீங்கள் இணைந்திருக்கும் வழியின் பெயர் தாங்கிய பகுதியை முதலில் கண்டுபிடியுங்கள். மற்றப் பகுதிகள் காலியாக இருந்தாலும் ‘Media disconnected’ என்று காட்டினாலும் கவலைப்படத் தேவையில்லை. விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்திவிட்டுப் பாருங்கள். மேக்கில் வைஃபை அமைப்புகளில் அந்த இணைப்பின் ‘Details’ பகுதிக்குள் ‘TCP/IP’ என்ற இடத்தில் ‘Router’ என்ற பெயரில் இதே எண் இருக்கும். லினக்ஸில் `ip route` என்று தட்டினால் ‘default via’ என்பதை அடுத்து வரும்.

கைபேசியில் இது இன்னும் எளிது. ஐபோனில் வைஃபை பெயருக்குப் பக்கத்தில் உள்ள ⓘ குறியைத் தொட்டு, கீழே ‘Router’ என்ற வரியைப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் இணைந்துள்ள வைஃபையின் விவரங்களுக்குள் ‘Gateway’ என்று இருக்கும். மெனுவின் அமைப்பு கைபேசிக்குக் கைபேசி மாறும். சிலவற்றில் கைபேசியின் ஐபி முகவரி மட்டுமே தெரியும். அப்போது அதன் கடைசி எண்ணை 1 என்றோ 254 என்றோ மாற்றித் தட்டிப் பார்க்கலாம். வீட்டு இணைப்புகளில் பெரும்பாலும் பொருந்தும் என்றாலும், இது ஊகம்தான். முயலும் முன் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள்.

வைஃபை பகுதியிலேயே கேட்வே உண்மையாகக் காலியாக இருக்கும் நிலையும் உண்டு. அப்போது பக்கத்தில் உள்ள ஐபி முகவரி 169.254 என்று தொடங்குகிறதா என்று பாருங்கள். ஆம் என்றால், ரூட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் லேப்டாப் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள்; யாரும் எதையும் கைப்பற்றவில்லை. ரூட்டரை அணைத்துச் சற்று நேரம் கழித்துப் போட்டு மீண்டும் இணையுங்கள், அல்லது லேன் கேபிளால் நேரடியாக இணைத்துப் பாருங்கள்.

திறந்திருப்பது உண்மையான பக்கமா என்று அறிய நண்பர் காட்டிய சோதனையை நான் மறக்க மாட்டேன். ரூட்டருக்கு வெளியிலிருந்து இணையத்தைக் கொண்டுவரும் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பக்கத்தை மறுபடி ஏற்றினார். உண்மையான நிர்வாகப் பக்கம் ரூட்டருக்குள்ளேயே இருப்பதால், இணையம் இல்லாமலும் அது திறந்தது. நான் கடவுச்சொல்லைக் கொடுத்த போலிப் பக்கம் திறக்கவில்லை. தனித் தளமாக இயங்கும் அதற்கு இணையம் வேண்டும்.

ஏமாந்த பிறகு செய்ததையும் பதிவு செய்கிறேன். தொலைவிலிருந்து திரையைப் பார்க்கும் செயலியை நீக்கினேன். போலிப் பக்கத்தில் நான் கொடுத்த கடவுச்சொல்லை வைத்து வெளியிலிருந்து ரூட்டருக்குள் நுழைவது, தொலைநிர்வாக வசதி அணைந்திருக்கும்வரை எளிதன்று. ஆனால் என் லேப்டாப்பையே அவர் கையில் கொடுத்திருந்தேன் அல்லவா, வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவரைப் போல அவர் அந்தப் பக்கத்தைத் திறந்திருக்க முடியும். அதனால் நிர்வாகக் கடவுச்சொல்லையும் வைஃபை கடவுச்சொல்லையும் கைபேசி வழியாக மாற்றினேன். தளப் பெயர்களை ஐபி முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ் என்ற இடத்தில் அறியாத முகவரி எதுவும் புகுத்தப்படவில்லை என்பதையும், தொலைநிர்வாகம் அணைந்தே இருப்பதையும் பார்த்து உறுதி செய்துகொண்டேன். வங்கியிடம் சொல்லி அட்டையை முடக்கிவிட்டேன். செலுத்திய தொகை இதுவரை திரும்பவில்லை. 192.168.10.1 என்று பெரிய எழுத்தில் எழுதி ரூட்டரின் மேல் ஒட்டியிருக்கிறேன்.