அன்லெஸ், அன்டில்: எதை எங்கே போடுவது?

ஆங்கிலத்தில் ‘அன்லெஸ் ஹி கம்ஸ், ஐ வோன்ட் கோ’ என்றால் அவர் வராவிட்டால் நான் போகமாட்டேன். ‘அன்டில் ஹி கம்ஸ், ஐ வோன்ட் கோ’ என்றால் அவர் வரும்வரை போகமாட்டேன். முதலாவது நிபந்தனை, அவர் வராமலே போகலாம். இரண்டாவது காத்திருப்பு, வருவார் என்றே பேசுகிறவர் நினைக்கிறார்.

நாம் தவறுவது இங்கேதான். தமிழில் ‘வராவிட்டால்’ என்று மறுப்பு வினைக்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பழக்கத்தில் ‘அன்லெஸ் ஹி டஸ்ன்ட் கம்’ என்று எழுதிவிடுகிறோம். அன்லெஸ்ஸே ‘இல்லாவிட்டால்’ என்ற பொருளைச் சுமப்பதால், அது ‘அவர் வந்தால் போகமாட்டேன்’ என்று தலைகீழாகிவிடுகிறது. ‘அன்டில் ஹி டஸ்ன்ட் கம்’ என்பதும் ‘வராத வரை’ என்ற நம் வழக்கிலிருந்து வந்த பிழைதான். எனக்கு இதில் மிகவும் உதவுவது ஒரு சோதனை: அன்லெஸ்ஸை எடுத்துவிட்டு ‘இஃப்... நாட்’ போட்டுப் பாருங்கள். ‘இஃப் ஹி டஸ்ன்ட் கம்’ என்பது நீங்கள் நினைத்ததைச் சொன்னால், அன்லெஸ்ஸுக்குப் பின் ‘ஹி கம்ஸ்’ மட்டும் போதும்.

சரி, வினை வடிவம்? வருவது நாளைக்கே என்றாலும் இரண்டுக்கும் பின்னால் நிகழ்காலம்தான்: ‘கம்ஸ்’. ‘வில் கம்’ வேண்டாம். ‘வில்’ முதன்மை வாக்கியத்தில், ‘வோன்ட்’ என்ற வடிவில் ஏற்கெனவே நிற்கிறது. வேலை முழுதாக முடிவதை அழுத்த, ‘அன்டில் ஹி ஹாஸ் ஃபினிஷ்ட்’ என்று எழுதலாம்.