தினம் 1.5 ஜிபியா, மொத்தம் 25 ஜிபியா? தங்கச்சிமடத்தில் இரண்டையும் ஓட்டிப் பார்த்த கணக்கு

மச்சான் வாரம் மூன்று தடவை விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். அவர் போனுக்கு ரீசார்ஜ் போடுவது நான்தான். முதலில் 299 ரூபாய் திட்டம்: 28 நாள், தினம் 1.5 ஜிபி. பிறகு வேறு கம்பெனியின் 355 ரூபாய் திட்டம்: 30 நாள், மொத்தமாக 25 ஜிபி. இரண்டிலும் பல மாதம் ஓட்டியாச்சு.

கடைக்காரர் சொன்ன கணக்கு சுலபம். முதலாவது 42 ஜிபி, அதாவது ஜிபிக்கு 7.12 ரூபாய். இரண்டாவது 14.20. பாதி விலைக்குக் கிடைக்கும்போது யோசிப்பதற்கு என்ன இருக்கிறது என்றார்.

நிபந்தனைகள் மட்டும் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருந்தன. அவற்றைத் தமிழில் எழுதி மச்சானிடம் கொடுத்தேன். அன்றைய 1.5 ஜிபியில் மிச்சம் இருந்தால் இரவு 12 மணிக்குப் போய்விடும், மறுநாளுக்குச் சேராது. தீர்ந்துவிட்டால் நெட் நிற்காது, ஆனால் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகிவிடும் (ஒரு எம்பி இறங்கவே இரண்டு நிமிடம் ஆகும், வீடியோவை மறந்துவிட வேண்டியதுதான்). 19 ரூபாய்க்கு 1 ஜிபி கூடுதலாக வாங்கலாம், ஆனால் அதுவும் அன்று நள்ளிரவோடு சரி, ராத்திரி 11 மணிக்குப் போட்டாலும் ஒரு மணி நேரம்தான். 25 ஜிபி திட்டத்தில் தினக் கட்டுப்பாடு இல்லை.

இப்போது மச்சானுடைய மாதத்தைப் பாருங்கள். 28 நாளில் 12 நாள் கடலில், கரையிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போனாலே டவர் கிடைக்காது, அந்த நாட்களின் 18 ஜிபி கோவிந்தா. மீதி 16 நாளில் 12 நாள் சுமார் ஒரு ஜிபி ஆகும். கிரிக்கெட், படம் என்று உட்காரும் நாலு நாள் மட்டும் இரண்டரை ஜிபி, அப்போது ஒவ்வொரு தடவையும் 19 ரூபாய். ஆகச் செலவு 299 + 76 = 375 ரூபாய், பயன்படுத்தியது 22 ஜிபி. ஜிபிக்கு 17 ரூபாய்!

அதே பழக்கம் 25 ஜிபி திட்டத்தில் 30 நாளைக்குச் சுமார் 23.5 ஜிபி ஆகிறது, ஜிபிக்கு 15 ரூபாய் சொச்சம். கூடுதலாக எதுவும் வாங்கத் தேவையில்லை. பெரிய வித்தியாசம் இல்லைதான், ஆனால் பாதி விலை என்ற பேச்சுக்கே இடமில்லை. உங்கள் கணக்குக்கு போன் செட்டிங்ஸில் டேட்டா பயன்பாட்டைத் திறந்து, சுழற்சித் தேதியை ரீசார்ஜ் போட்ட நாளுக்கு மாற்றிவிட்டு ஒரு மாதம் பாருங்கள்.

ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் மச்சான் வீட்டில்தான், தினம் 1.5 ஜிபியையும் தீர்த்துவிடுவார். அந்த வேகத்தில் 25 ஜிபி 17 நாள்கூடத் தாங்காது. அப்போது இன்னொரு சிம்மில் 299 போட்டுவிடுவோம், 25 ஜிபி சிம்மைத் தடை முடியும்வரை சும்மா வைத்திருப்போம்.