10 மி.மீ. இணைப்பா, 15 மி.மீ. இணைப்பா: செங்கல் சுவரில் கலவைக் கணக்கு

வீட்டுச் சுவரில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே வரும் கலவை இணைப்பை நான் 10 மி.மீ. தடிப்பில்தான் கேட்டு வாங்கினேன். 15 மி.மீ. வைத்தால் வேலை வேகமாக ஓடும், செங்கல் கொஞ்சம் குறையும். வளைந்த செங்கல் வந்தாலும் சமாளித்துவிடலாம். அந்த வசதிகளை மறுக்கவில்லை. ஆனால் கலவைக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அந்த மிச்சம் நிற்பதில்லை.

230 × 110 × 70 மி.மீ. சேம்பர் செங்கலை எடுத்துக்கொள்வோம். ஒரு கன மீட்டர் சுவருக்கு 10 மி.மீ. இணைப்பில் ஏறக்குறைய 434 கல், 15 மி.மீ. என்றால் 384 கல். கல் போக மீதி இடம்தான் ஈரக் கலவை: முதலாவதில் 0.231 கன மீட்டர், இரண்டாவதில் 0.320. இணைப்பு ஒன்றரை மடங்கானதற்குக் கலவை 38 சதவீதம் கூடுகிறது.

இனி 1.33, அதாவது ஈரக் கலவையின் அளவிலிருந்து உலர்ந்த பொருளின் அளவைக் கண்டுபிடிக்கப் பெருக்கும் எண். உலர்ந்த சிமெண்டும் மணலும் தண்ணீர் பட்டதும் இடைவெளிகள் நிரம்பிச் சுருங்குவதால்தான் இந்தப் பெருக்கம். அது கலவையின் குணம். இணைப்பு தடித்தாலும் மெலிந்தாலும் மாறாது. ஆனாலும் சுவர் அளவிலிருந்து கணக்கிடும்போது மாறுவதுபோல் தெரியும். காரணம், செங்கலின் முகத்தில் இருக்கும் குழி. 100 × 40 × 10 மி.மீ. குழி என்றால் கல்லுக்கு 40 கன செ.மீ. கலவை அதற்குள் போகும். இது இணைப்பின் தடிப்பைப் பார்க்காது, கல்லின் எண்ணிக்கையைத்தான் பார்க்கும். அதைச் சேர்த்தால் உலர் கலவை 10 மி.மீ.க்கு 0.331 கன மீட்டர், 15 மி.மீ.க்கு 0.446. இணைப்பின் கொள்ளளவோடு ஒப்பிட்டால் முதலாவது 1.43 மடங்கு, அடுத்தது 1.39. மெல்லிய இணைப்பில் 1.33-ஐ மட்டும் போட்டால் மணல் கடைசியில் இழுக்கும். குழி முழுசாக நிரம்புவது கொத்தனார் கையைப் பொறுத்தது. தரையில் சிந்துவதும் இதில் சேரவில்லை.

சரி, பணம். 1:6 கலவையில் 10 மி.மீ.க்கு 1.36 மூட்டை சிமெண்ட், 15 மி.மீ.க்கு 1.83. கிட்டத்தட்ட அரை மூட்டையும் மூன்றரை கன அடி எம்-சாண்டும் கூடுதல். கல் 8 ரூபாய், மூட்டை 400, மணல் கன அடி 60 என்று வைத்தால், 50 கல்லில் மிச்சமாவது 400. கலவையில் கூடுவதும் ஏறக்குறைய 400. சரிக்குச் சரி. கல் விலை ஏறினால் 15-க்கு லாபம், மணல் ஏறினால் 10-க்கு.

விலை சமமாக வரும்போது நான் சுவரின் வலுவைப் பார்ப்பேன். தடித்த இணைப்பு உலரும்போது அதிகம் சுருங்கும், அதே கலவையில் சுவரின் தாங்குதிறனும் குறையும். விளிம்பு வளைந்த நாட்டுக் கல்லுக்கு மட்டும் 12 வரை விட்டுக்கொடுக்கலாம். அதற்கு மேல் கேட்கும் கல் என்றால் லோடைத் திருப்பி அனுப்புவதுதான் நல்லது.

கொத்தனார் 10-தான் வைக்கிறாரா என்று பார்க்க, பத்து வரி எழும்பியதும் டேப் பிடியுங்கள். 80 செ.மீ. வர வேண்டும். 85 காட்டினால் 15 போய்க்கொண்டிருக்கிறது.