திட்டமிடும் மாடலும் பணியாளர்களுமா, ஒற்றை ஏஜென்ட்டா?

மொழி மாடலிடம் ஒரு வேலையை ஒப்படைக்கும்போது, ஒரே ஏஜென்ட் முழுவதையும் செய்யலாம்; அல்லது திட்டமிடும் மாடல் வேலையைப் பிரித்து, பணியாளர்களாக இயங்கும் வேறு மாடல்களிடம் கொடுக்கலாம். 60 வாடகை ஒப்பந்தங்களிலிருந்து முன்னறிவிப்புக் காலத்தையும் முன்பணத்தையும் அட்டவணையாக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒற்றை ஏஜென்ட் இவற்றை வரிசையாகப் படிக்கும்போது, முந்தைய ஆவணங்களின் உரையும் அதன் சூழலிலேயே தேங்குவதால், ஓர் ஒப்பந்தத்தின் முன்பணம் இன்னொன்றின் வரிசையில் ஏறிவிடக்கூடும். திட்டமிடும் மாடல் ஆவணத்துக்கு ஒரு பணி எனப் பிரித்தால், ஒவ்வொரு பணியாளரும் தன் ஒப்பந்தத்தை மட்டுமே பார்த்து இவ்வடிவில் விடை தரும்:

```json
{"id": 17, "notice_days": 90, "deposit": null, "clause": "6.2"}
```

உட்பிரிவு எண்ணைக் கட்டாயம் கேட்க வேண்டும். மனிதர் சரிபார்ப்பதற்கு அதுவே வழி.

இம்முறையின் பலவீனம் பணியாளர்களுக்குத் தரும் கட்டளையில்தான் இருக்கிறது. முன்னறிவிப்பு தர வேண்டியவர் உரிமையாளரா, குடியிருப்பவரா என்று சொல்லாவிட்டால், ஒருவர் விடையை மற்றவர் காணாத பணியாளர்களில் சிலர் 30 என்றும் சிலர் 90 என்றும் எழுதுவார்கள். ஒரே மாதிரிப் படிவத்தில் எழுதப்பட்ட ஒப்பந்தங்களுக்கு வெவ்வேறு விடைகள் வருவது இதன் அறிகுறி. ஆகவே முதலில் மூன்று ஒப்பந்தங்களை மட்டும் ஓட்டிப் பார்த்துக் கட்டளையைத் திருத்துவது நல்லது.

தோல்வியடையும் ஒரு சோதனையைச் சரிசெய்யும் நிரல் வேலைக்கோ ஒற்றை ஏஜென்ட்டே போதும். பிழைச்செய்தியைப் படித்துக் கோப்பைத் திருத்தி மீண்டும் ஓட்டும் ஒவ்வோர் அடியும் முந்தைய அடியின் விளைவைச் சார்ந்திருப்பதால், அதைப் பிரித்தால் கைமாறும் சுருக்கத்தில் முக்கியமான விவரம் நழுவிவிடும்; டோக்கன் செலவும் கூடும்.

உண்மையில், படிகள் முன்கூட்டியே தெரிந்த அந்த 60 ஒப்பந்தங்களுக்குக்கூடத் திட்டமிடும் மாடல் தேவையில்லை. சாதாரண `for` சுழலே பணியாளர்களை அழைத்துவிடும். முதல் கட்டத்தின் விடையைப் பார்த்துத்தான் அடுத்த பணிகளைத் தீர்மானிக்க முடியும் என்ற நிலையிலேயே திட்டமிடும் மாடலைச் சேர்க்க வேண்டும்.