கும்பகோணத்தில் தலைகாட்டிய காய்ச்சல்

ஊருக்குப் போய் இறங்கிய மூன்றாம் நாள் மகளுக்குத் தொண்டை வலி. 16 வயது, லண்டனிலேயே வளர்ந்தவள். எச்சில்கூட விழுங்க முடியவில்லை, காய்ச்சல் 102. "வந்ததும் வராததுமா ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தா இப்படித்தான்" என்று அம்மா என்னைத்தான் திட்டினார்.

பக்கத்துத் தெரு கிளினிக்கில் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார்கள். வெள்ளைப் படலம் தெரிந்தது. கழுத்தையோ வயிற்றையோ தொடவில்லை. அமாக்ஸிசிலின் சேர்ந்த 625 மாத்திரையை ஐந்து நாளைக்கு எழுதிக்கொடுத்தார்கள். மொத்தமே நான்கு நிமிடம். ஐந்து நாளும் தவறாமல் கொடுத்தோம், காய்ச்சல் அசையவில்லை. ஆறாம் நாள் காலை தலை வாரிவிடும்போது பார்க்கிறேன், பின்கழுத்திலிருந்து முதுகு வரை செம்பு நிறத்தில் புள்ளி புள்ளியாகத் தடிப்பு. மதியத்துக்குள் கைகால், முகம் எல்லாம் பரவி ஒரே அரிப்பு.

அத்தை சொன்ன வயதான குழந்தை மருத்துவரிடம் ஓடினோம். அவர் முதலில் கேட்டது, "மூச்சு வாங்குதா? உதடு வீங்குச்சா? வாய்க்குள்ள புண், தோல்ல கொப்புளம் இருக்கா?" இவற்றில் ஒன்று இருந்திருந்தாலும் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பியிருப்பாராம். எதுவும் இல்லை என்றதும் நிதானமாக விரலால் கழுத்தின் பின்பக்கம் தடவினார். அங்கே கோலிக்குண்டு அளவில் நெறி கட்டியிருந்தது. சாதாரணத் தொண்டைப் புண்ணுக்குத் தாடைக்குக் கீழேதான் அதிகம் கட்டும், பின்கழுத்திலும் கட்டினால் வேறு யோசிக்க வேண்டும் என்றார். மேல் இமை உப்பியிருந்ததைக் காட்டினார்; பயணக் களைப்பு என்று நான் விட்டிருந்தேன். இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் லேசாகக் கைக்குத் தட்டுப்பட்டது.

வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போனார்கள், மாலைக்குள் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட். இந்த வேகம் எங்களுக்கு லண்டனில் கிடைக்காது. தட்டணு 1.3 லட்சம் என்றதும் வீடே டெங்கு என்று பதறியது; டெங்கு பரிசோதனையில் இல்லை என்று வந்தது. வெள்ளையணுக்களில் பாதிக்கு மேல் லிம்போசைட், அதிலும் பல இயல்புக்கு மாறாகப் பெரிதாக இருந்தன. எப்ஸ்டீன்-பார் வைரஸ் புதிதாகத் தொற்றியதைக் காட்டும் ஐஜிஎம் ரிப்போர்ட் சென்னையிலிருந்து இரண்டு நாளில் வந்தது: பாசிட்டிவ். சுரப்பிக் காய்ச்சல்தான்.

1964இல் லண்டனில் கண்டுபிடித்த வைரஸ் இது. எச்சில் வழியாகத்தான் பெரும்பாலும் பரவும். நம் ஊரில் பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே தொற்றிவிடும். சாதாரணச் சளி மாதிரி வந்து போய்விடும், பெயர்கூடத் தெரியாது. இங்கிலாந்தில் பலருக்கு அது பதின்ம வயதுவரை தள்ளிப்போகிறது. அந்த வயதில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி பெரிய படையோடு கிளம்புகிறது. அந்தச் சண்டைதான் இந்தக் காய்ச்சல், நெறி, அசதி எல்லாம். தொற்றி நான்கு முதல் ஆறு வாரம் கழித்துத்தான் வெளியே தெரியும். ஆக, அம்மாவின் ஐஸ்கிரீம் குற்றச்சாட்டு நிற்காது. ஸ்கூலில் ஒரே பாட்டிலில் மாற்றி மாற்றித் தண்ணீர் குடித்தோம் என்று மகளே சொன்னாள்.

வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் கேட்காது, அது தெரிந்ததே. ஆனால் அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின் இரண்டும் இந்தக் காய்ச்சலோடு சேர்ந்தால் பலருக்குத் தடிப்பு வருகிறது. வைரஸால் கிளர்ந்திருக்கும் எதிர்ப்பு அணுக்கள், அந்தச் சில வாரம் மருந்தையும் எதிரியாகப் பார்த்துவிடுகின்றன என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம். உண்மையான பென்சிலின் அலர்ஜி பெரும்பாலும் மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்துக்குள் திட்டுத்திட்டாகத் தடித்துக் காட்டும்; இது பல நாள் கழித்து, தட்டம்மை போல வரும். மாத்திரையை நிறுத்தி, அரிப்புக்கு செட்ரிசினும் காய்ச்சலுக்கு பாரசிட்டமாலும் கொடுத்தோம். ஒரு வாரத்தில் தடிப்பு மங்கியது.

"பென்சிலின் அலர்ஜின்னு மட்டும் யாரையும் எழுத விடாதீங்கம்மா. ஆயுசுக்கும் நல்ல மருந்து ஒண்ணு அவளுக்கு இல்லாமப் போயிடும். உடம்பு தேறினப்புறம் அலர்ஜி டாக்டர்கிட்ட டெஸ்ட் பண்ணி உறுதி பண்ணிக்கோங்க" என்றார் அந்தக் குழந்தை மருத்துவர். தன் லெட்டர்பேடில் தேதி, மருந்து, எத்தனையாம் நாள் தடிப்பு என்று எல்லாம் எழுதிக் கொடுத்தார். கட்டணம் 300 ரூபாய். மண்ணீரல் வீங்கியிருக்கும்போது அடிபட்டால் கிழியலாம் என்பதால் ஒரு மாதம் ஓட்டம், விளையாட்டு, கனம் தூக்குவது எதுவும் கூடாது என்றும், இடது மேல்வயிற்றில் திடீரென்று வலித்தால் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும் என்றும் சொன்னார்.

அசதிதான் நீண்டது. லண்டன் திரும்பியபின் செப்டம்பரில் அரை நாள் ஸ்கூல், வந்ததும் யூனிஃபார்மோடு படுக்கை. சோம்பேறித்தனம் என்று ஒருநாள் கத்திவிட்டேன். இன்னும் வருத்தமாக இருக்கிறது. பலருக்குச் சில வாரத்தில் சரியாகும், சிலருக்கு ஆறு மாதம்கூட இழுக்கும். ஒருநாள் தெம்பாக இருக்கிறதே என்று எல்லாவற்றையும் செய்தால் அடுத்த இரண்டு நாள் எழுந்திருக்க முடியவில்லை. அதனால் நடையைப் பத்து நிமிடத்தில் தொடங்கி வாரா வாரம் கொஞ்சமாகக் கூட்டினோம். தீபாவளிக்குத்தான் முழு நாளும் விழித்திருந்தாள்.

இங்கே லண்டனில் ஜிபி எனும் குடும்ப மருத்துவரின் கிளினிக்கில் நர்ஸ் கேட்டதும் கேட்காததுமாக அலர்ஜி கட்டத்தில் பென்சிலின் என்று தட்டிவிட்டார். கும்பகோணம் கடிதத்தை எடுத்து நீட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு அதை அழித்து, "சுரப்பிக் காய்ச்சலின்போது அமாக்ஸிசிலின் தடிப்பு, பரிசோதனை தேவை" என்று மாற்றினார்.