ஆர்.பி.எல். முகாம் என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்: வயர்மேன்களுக்கு என் அனுபவம்

மன்னார்குடிப் பக்கத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வீட்டு வயரிங்கும் பம்புசெட் வேலையும் செய்து வருகிறேன். பத்தாம் வகுப்போடு நின்றவன். தொழிலை என் தாய்மாமாவிடம் கற்றுக்கொண்டேன்; கையில் எந்தக் காகிதமும் இருந்ததில்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்த பிறகு, கம்பம் சாய்ந்து ஓடு பறந்த வீடுகளுக்கெல்லாம் மறு வயரிங் போட இரவு பகலாக உழைத்தோம். ஆனால் புதிய இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போது வேலை முடிந்ததற்கான சோதனை அறிக்கையில் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர்தான் கையொப்பமிட வேண்டும் என்பதால், வேலையை நாங்கள் செய்ய, கையொப்பத்துக்கு மட்டும் வேறொருவருக்குப் பணம் கொடுத்து வந்தோம். அந்த ஆதங்கத்தில் இருந்தபோதுதான் 2019 ஜூனில் ஒரு முகவர் வந்தார்.

"அண்ணே, உங்க அனுபவத்துக்கே மத்திய அரசு சர்டிபிகேட் தரப்போறாங்க. ஒரே நாள் கேம்ப். அதக் காட்டி லைசென்ஸ் எடுத்துக்கலாம், வெளிநாட்டுக்கும் போகலாம்" என்றார். ஆளுக்கு மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். நான், மாமா, எங்களுக்குத் தெரிந்த வயர்மேன்கள் என மொத்தம் பதினான்கு பேர் கட்டினோம். ஆதார் நகலும் வங்கிப் புத்தக நகலும் வாங்கிக்கொண்டார். ரசீது கேட்டதற்கு, அரசு வேலைக்கு ரசீது கிடையாது என்றார். நாங்கள் அங்கேயே விழித்திருக்க வேண்டும்.

ஆர்.பி.எல். எனப்படும் முன்கற்றல் அங்கீகாரம், அதாவது அனுபவத்தில் கற்ற தொழிலை மதிப்பிட்டுச் சான்று தருவது, உண்மையான ஏற்பாடு. பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் அது ஒரு பகுதி. அந்தத் திட்டத்தில் அப்போது இருந்த விதி என்னவென்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. தொழிலாளியிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. முகாம் நடத்தும் நிறுவனத்துக்கு ஆளுக்கு இவ்வளவு என்று அரசே கொடுக்கும். தேர்ச்சி பெறுபவருக்கும் ஐந்நூறு ரூபாய் அவருடைய வங்கிக் கணக்கில் வர வேண்டும். வங்கிப் புத்தக நகல் வாங்கியதற்குக் காரணம் அதுதான். ஆக, எங்களிடமிருந்து எடுத்தது கூலிக்கு மேல் கூலி. ஒவ்வொரு தொழில்துறைக்கும் திறன் சான்று தரும் துறைத் திறன் மன்றங்களில் சில, திட்டத்துக்கு வெளியே கட்டணம் வாங்கியும் மதிப்பீடு செய்கின்றன. அப்படியானால் பணம் மன்றத்தின் பெயரிலோ அது அங்கீகரித்த மையத்தின் பெயரிலோ ரசீதுடன் போக வேண்டுமே தவிர, முகவரின் சட்டைப்பையில் போகக் கூடாது.

முகாம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. காலை பத்து மணிக்குத் தொப்பியும் பனியனும் கொடுத்து, பதாகைக்கு முன் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். திட்ட விதிப்படி பன்னிரண்டு மணி நேர அறிமுகப் பயிற்சி நடந்திருக்க வேண்டும். பாதுகாப்பு, தொழில் சார்ந்த விளக்கம், மதிப்பீடு எப்படி நடக்கும் என்பதெல்லாம் அதில் அடங்கும். எங்களுக்கு ஒரு மணி நேரம்கூட யாரும் பேசவில்லை. ஆனால் மூன்று நாள்களுக்கான வருகைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். நானும் படிக்காமல் போட்டேன். இதை எழுதுவதற்கு முக்கியக் காரணம் அந்தக் கையெழுத்துதான், ஏனென்றால் பிறகு புகார் சொல்லப் போனபோது முதலில் எடுத்துக் காட்டப்பட்டது அதுவே.

மதிப்பீடு என்ற பெயரில் ஒரு டேப்லெட்டைச் சுற்றவிட்டார்கள். கேள்விகள் ஆங்கிலத்தில் இருந்தன. முகவருடன் வந்த பையனே எங்களுக்கு வந்த ஓ.டி.பி.யைக் கேட்டு வாங்கி, பதில்களையும் அவனே தொட்டுக்கொண்டு போனான். ஒரு சுவிட்சு, ஒரு துண்டுக் கம்பி, ஒரு டெஸ்டர்கூட அந்த மண்டபத்தில் இல்லை. என் மாமாவுக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. வரப்பில் நின்றபடியே மோட்டார் உறுமுவதைக் கேட்டு, "ஒரு பேஸ் போயிடுச்சு, ஸ்டார்ட்டர ஆஃப் பண்ணு, காயில் வெந்துரும்" என்று சொல்லிவிடுவார். போய்ப் பார்த்தால் ஃபியூஸ் ஒன்று போயிருக்கும். அவர் டேப்லெட்டைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, என்கிட்ட வேலையப் பத்தி ஒண்ணுமே கேக்கலையே" என்றார். பையன் சிரித்துவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டான். அவர் அன்று மதியம் சாப்பிடவில்லை.

இந்த முறையில் மதிப்பீடுதான் உயிர் என்பதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு தொழிற்பெயருக்கும் ஒரு தகுதிக் கோவை உண்டு; அந்தத் தொழிலில் ஒருவர் என்னென்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும், அவற்றில் எழுத்துக்கு எத்தனை மதிப்பெண், செய்முறைக்கு எத்தனை மதிப்பெண் என்று அதிலேயே எழுதியிருக்கும். அது பொது ஆவணம். மதிப்பிட வருபவர் முகாம் நடத்தும் நிறுவனத்தைச் சேராதவராக, தனி மதிப்பீட்டு நிறுவனம் அனுப்பியவராக இருக்க வேண்டும். முகாம் நடத்தியவரே மதிப்பெண்ணும் போட்டால், உங்கள் கைத்திறனை யாரும் பார்க்கவில்லை என்றே பொருள்.

ஐந்து மாதம் கழித்துச் சான்றிதழ் வந்தது. பதினான்கு பேரில் பதினொருவருக்கு மட்டும், மாமாவுக்கு வரவில்லை. ஐந்நூறு ரூபாய் எங்களில் யாருக்கும் வரவில்லை. பிரித்துப் பார்த்தால், தொழிற்பெயர் எல்.இ.டி. விளக்குப் பழுதுநீக்கும் தொழில்நுட்பர் என்று இருந்தது. நான் வாழ்நாளில் ஒரு எல்.இ.டி. பலகையைப் பிரித்துப் பற்றுவைத்ததில்லை. அந்த நிறுவனத்துக்கு அந்தத் தொழிற்பெயரில்தான் எண்ணிக்கை ஒதுக்கப்பட்டிருந்தது என்றும், கணக்கை முடிக்க வயர்மேன்களை அதில் அடைத்தார்கள் என்றும் அங்கே வேலை பார்த்த ஒருவரே பிறகு சொன்னார். சரியான தொழிற்பெயரில் மறுபடி பதியலாம் என்று வேறொரு மையத்துக்குப் போனேன். என் ஆதார் எண் ஏற்கெனவே சான்று பெற்றதாகக் காட்டுகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பணத்தைவிட இந்த இழப்புதான் எனக்குப் பெரிதாகப்பட்டது.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்கிறேன். சரியான தொழிற்பெயரில், நேர்மையாக மதிப்பிட்டுக் கொடுத்திருந்தாலும் அந்தச் சான்று மின்பணி உரிமம் ஆகாது. திறன் சான்று வேலை கேட்கும் இடத்தில் உங்கள் தரத்தைக் காட்டும். உரிமம் மின் உரிம வாரியம் தருவது. இரண்டையும் ஒன்றாகக் காட்டிப் பேசுபவர், தெரிந்தே பொய் சொல்கிறார்.

நம் மாநிலத்தில் வயர்மேனுக்கு வேறொரு பழைய வழி இருக்கிறது. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்தும் கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு அது. இருபத்தொரு வயது நிறைந்து, வயரிங் தொழிலில் ஐந்து ஆண்டுக்குக் குறையாத அனுபவம் இருந்தால் எழுதலாம். உச்ச வயது வரம்பு இல்லை. கட்டணம் உண்டு, ஆனால் அரசுக்குக் கட்டுவது. தேர்ச்சி பெற்றாலும் உதவியாளர் நிலைதான், ஒப்பந்தக்காரர் உரிமம் உடனே வந்துவிடாது. நான் அரசு ஐ.டி.ஐ.யில் இதை எழுதியபோது, பலகையில் மாடிப்படி வயரிங் போட்டுக் காட்டச் சொன்னார்கள். இரண்டு இருவழிச் சுவிட்சுகளுக்கிடையே கம்பி ஓடும் விதத்தை ஆசிரியர் விரல் வைத்துத் தொட்டுப் பார்த்தார்; நியூட்ரலைச் சுவிட்சில் கொண்டுபோகவில்லை என்பதை உறுதி செய்த பிறகே மதிப்பெண் போட்டார். அன்றுதான் என் வேலையை ஒருவர் சோதித்தார் என்ற நிறைவு எனக்குக் கிடைத்தது.

சென்ற வாரம் அதே முகவரின் எண்ணிலிருந்து, ஒரத்தநாட்டில் முகாம் என்று எங்கள் ஊர்ப் பையன்களுக்குச் செய்தி வந்திருக்கிறது. தொழிற்பெயர் என்ன, மதிப்பீட்டாளரை அனுப்புவது எந்த நிறுவனம், செய்முறைக்கு என்னென்ன கருவி வைப்பீர்கள் என்று மூன்று கேள்விகளை அனுப்பச் சொன்னேன். செய்தியைப் பார்த்துவிட்டார் என்று காட்டுகிறது. இதுவரை பதில் இல்லை. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் யாருக்காவது இப்படி அழைப்பு வந்திருந்தால், ஓ.டி.பி.யையும் ஆதார் நகலையும் கொடுப்பதற்கு முன் அதே மூன்று கேள்விகளையும் எழுத்தில் கேளுங்கள்.